‘9 லட்சம் போதாது’ என்று பதில் வந்தால்

மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, ஆளைப் பிடித்துப்போய், ஆஃபர் லெட்டரும் அனுப்பியாயிற்று. இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வருகிறது: “வணக்கம் மேடம். ஆஃபருக்கு நன்றி. இந்தப் பொறுப்பில் சேர எனக்கு மிகுந்த விருப்பம். ஆனால் என் அனுபவத்தையும் இப்போதைய சம்பளத்தையும் பார்க்கும்போது 10.5 லட்சம் எதிர்பார்க்கிறேன். பரிசீலிக்க வேண்டுகிறேன்.”

நிறுவனம் கொடுப்பதாகச் சொன்னது 9 லட்சம். அவர் இப்போது வாங்குவது 7.5 லட்சம். எச்.ஆர். மேசையில் உடனே ஒரு கணக்கு ஓடும்: ‘இருபது சதவீதம் ஏற்றிக் கொடுத்திருக்கிறோம், நாற்பது கேட்கிறாரே!’ அதோடு பேராசைக்காரர் என்ற முத்திரையும் விழுந்துவிடும். அதன் பிறகு எழுதப்படும் பதில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ‘எங்கள் பாலிசிப்படி இதுதான் அதிகபட்சம்’ என்ற ஒற்றை வரி, அல்லது இரண்டுக்கும் நடுவே 9.75 என்று ஒரு பேரம். இரண்டுமே அந்தக் கடிதத்தைப் படிக்காமல் எழுதும் பதில்கள். ஏன் என்பதை ஒரு உதாரணக் கணக்கை முழுவதுமாகப் போட்டே பார்க்கலாம்.

கோயம்புத்தூர்ப் பக்கம் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வேலை, தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். கேட்பவர் ஆறு வருட அனுபவமுள்ள பெண். பேசப்படும் லட்சங்கள் எல்லாமே சிடிசி, அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவு. அது அப்படியே யார் கைக்கும் வருவதில்லை. எவ்வளவு வரும் என்பது ஒவ்வொரு நிறுவனமும் அந்தத் தொகைக்குள் எதையெதை அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நிறுவனம் சொன்ன 9 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, 4,50,000. வீட்டு வாடகைப்படி அதில் 40 சதவீதம், 1,80,000. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். அடிப்படையில் 12 சதவீதம், 54,000. பணிக்கொடைக்காக எடுத்துவைப்பது 4.81 சதவீதம், 21,645. ஆண்டு முடிவில் வேலையின் தரத்தைப் பார்த்துத் தரும் வேரியபிள் பே 90,000. மிச்சம் 1,04,355 ஸ்பெஷல் அலவன்ஸ். இவற்றில் மாதச் சம்பளமாக வருவது அடிப்படை, வாடகைப்படி, அலவன்ஸ் மூன்றும்தான். மாதத்துக்கு 61,196 ரூபாய். அதிலிருந்து அவருடைய பங்கு பி.எஃப். 4,500 போனால் கையில் 56,696. வருமான வரி இல்லை. 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் மாதச் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது. தொழில்வரி எங்கே வேலை பார்த்தாலும் சிறு தொகைதான், அதை விட்டுவிடலாம்.

இனி அவருடைய இப்போதைய 7.5 லட்சம். அந்த நிறுவனத்தில் வேரியபிள் கிடையாது. பணிக்கொடையைச் சிடிசிக்குள் காட்டுவதில்லை. பி.எஃப்.பை முழு அடிப்படைக்கும் கட்டாமல், 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 கட்டுகிறார்கள். பல நிறுவனங்களில் இதுவே வழக்கம். ஆகவே நிறுவனத்தின் பங்கு 21,600 போக மாதம் 60,700, அதில் அவருடைய 1,800 போகக் கையில் 58,900.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபது சதவீதம் ‘உயர்வு’ என்று நிறுவனம் பெருமையாக அனுப்பிய ஆஃபரில் அவருக்கு மாதா மாதம் 2,200 ரூபாய் குறைகிறது. வீட்டுக்கடன் தவணையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கட்டுகிறவர் ஆண்டு மொத்தத்தைப் பார்த்துக் குடும்பம் நடத்த முடியாது. அவர் 10.5 கேட்டது நாற்பது சதவீத ஆசையால் அல்ல. இந்தக் கணக்கை எங்கோ ஓர் ஓரத்தில் போட்டுப் பார்த்து, எவ்வளவு கேட்டால் மாதம் ஏழாயிரமாவது கூடும் என்று ஒரு எண்ணைப் பிடித்திருக்கிறார். ஆனால் கடிதத்தில் அதைச் சொல்லத் தயங்கி, அனுபவம் என்று எழுதிவிட்டார். பெரும்பாலான கடிதங்கள் இப்படித்தான் வருகின்றன. உண்மையான காரணம் எழுத்தில் இருக்காது.

அதனால்தான் பதிலில் முதலில் எண் போகக் கூடாது என்கிறேன். கடிதம் வந்த அன்றே இரண்டு வரி அனுப்பினால் போதும்: ‘உங்கள் மடல் கிடைத்தது. விருப்பத்தைச் சொன்னதற்கு நன்றி. இதுபற்றிப் பேசிவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தருகிறோம். அதுவரை எங்கள் ஆஃபர் அப்படியே இருக்கும்.’ இதில் கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. அதற்குச் சட்டக் காரணம் ஒன்று இருக்கிறது.

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7 ஆம் பிரிவில், ஒரு முன்மொழிவை ஏற்பது என்றால் நிபந்தனை எதுவும் சேர்க்காமல் முழுமையாக ஏற்பதுதான் என்கிறது. ‘சரி, ஆனால் கூடுதலாகக் கொடுங்கள்’ என்பது ஏற்பு ஆகாது. இதற்கு எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் சொல்லித்தரும் வழக்கு, 1840 இல் இங்கிலாந்தில் ரென்ச் என்பவருக்கும் ஹைட் என்பவருக்கும் நடந்தது. ரென்ச் தன் பண்ணையை 1,000 பவுனுக்குத் தருவதாகச் சொன்னார். ஹைட் 950 தருகிறேன் என்றார். ரென்ச் மறுத்தார். உடனே ஹைட், ‘அப்படியானால் 1,000க்கே வாங்கிக்கொள்கிறேன்’ என்றார். நீதிமன்றம் முடியாது என்றது. 950 என்று சொன்ன நொடியிலேயே 1,000 என்ற முன்மொழிவு முடிந்துபோயிற்று, அதை அவர் தன்னிச்சையாக உயிர்ப்பிக்க முடியாது என்பது தீர்ப்பு. நாற்பது ஆண்டு கழித்து, 1880 இல், வேறொரு வழக்கில் இதன் மறுபக்கம் தெளிவானது. நிபந்தனைகளில் தளர்வு உண்டா என்று விசாரிப்பது மட்டும் எதிர் முன்மொழிவு ஆகாது, பழைய முன்மொழிவு நிற்கும்.

நம் பொறியாளர் எழுதியது எந்த வகை? ‘எதிர்பார்க்கிறேன், பரிசீலிக்க வேண்டுகிறேன்’ என்பது விசாரிப்பின் பக்கம் சாய்கிறது. ‘10.5 கொடுத்தால் மட்டுமே சேர்வேன்’ என்றிருந்தால் அது மறுப்பும் புது முன்மொழிவும் ஆகிவிடும். பல கடிதங்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கும். இதை வைத்து யாரும் நீதிமன்றம் போவது அபூர்வம்தான். ஆனால் ஒரு வாரம் கழித்து அவர் ‘சரி, 9 லட்சத்துக்கே வருகிறேன்’ என்று எழுதிவிட்டு இங்கே ராஜினாமாவும் கொடுத்துவிட, அங்கே அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டால்? அந்தக் குழப்பத்தில் ஒருவருடைய பிழைப்பே போய்விடும். ஆஃபர் நிற்கிறதா, எந்தத் தேதி வரை நிற்கிறது என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டால் இருவருக்கும் தெளிவு. ‘கூடக் கேட்டாரா, ஆஃபரையே எடுத்துவிடு’ என்று சொல்லும் மேலாளர்களும் இருக்கிறார்கள். கேட்டதற்காக ஆஃபரைப் பறிப்பது கொடுமை. அந்தச் செய்தி ஊழியர்கள் வட்டாரத்தில் பரவி அடுத்த மூன்று ஆஃபரையும் கெடுக்கும்.

அடுத்தது பதினைந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு. எழுத்தில் வந்ததற்கு எழுத்தில்தான் பதில் என்றாலும், காரணம் பேச்சில்தான் வெளிவரும். கேட்க வேண்டிய கேள்வி ‘ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்’ என்பது அல்ல. அது குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற கேள்வி. ‘இப்போது மாதம் கைக்கு எவ்வளவு வருகிறது? எங்கள் ஆஃபரில் எந்த வரி உங்களுக்கு இடிக்கிறது?’ என்று கேட்டால் பேச்சு திறக்கும். நம் உதாரணத்தில் அவர் இரண்டு விஷயம் சொல்கிறார். மாதச் சம்பளம் குறைகிறது என்பது ஒன்று. இப்போதைய நிறுவனம் தீபாவளிக்குத் தன் விருப்பத்தில் கொடுக்கும் 50,000 ரூபாய் இன்னும் மூன்று மாதத்தில் வரவேண்டியது, அதற்குள் விலகினால் போய்விடும் என்பது இன்னொன்று. இந்த இரண்டும் அவர் கடிதத்தில் இல்லை.

வேறு நிறுவனத்தின் ஆஃபர் கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடிதத்தைக் காட்டு என்று கேட்பது பல இடங்களில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது இன்னொரு நிறுவனத்தின் கடிதம். அதைத் தயங்காமல் காட்டுகிறவர் நாளை நம் கடிதத்தையும் அப்படியே காட்டுவார். தொகையும் பதவியும் என்ன என்று கேட்டுக்கொண்டால் போதும். அவர் நம் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் விலை கேட்கிறாரா என்பதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. தொண்ணூறு நாள் நோட்டீஸ் இருக்கும் வேலைகளில் ராஜினாமா ஏற்பு மடலை அனுப்பாமல் தள்ளிப்போடுவது, சேரும் தேதியை மறுபடி மறுபடி நகர்த்துவது, ஒவ்வொரு பேச்சிலும் புதிய காரணம் சொல்வது. நம் பொறியாளர் ஒரே காரணத்தைக் கணக்கோடு சொல்கிறார். அது நம்பிக்கையான குறி.

இனிதான் எண். இங்கே எச்.ஆர். பார்க்க வேண்டிய முதல் தாள் சந்தை நிலவரம் அல்ல, சொந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியல். அதே பிரிவில் ஆறு வருட அனுபவத்தோடு அதே வேலை செய்யும் இருவர் இருக்கிறார்கள், ஒருவர் 9.3 லட்சம், மற்றவர் 9.5 லட்சம். புதிதாக வருபவருக்கு 10.5 கொடுத்தால், ஆறு மாதத்துக்குள் கேன்டீன் மேசையில் அது தெரிந்துவிடும். சம்பளம் ரகசியம் என்று ஆஃபர் லெட்டரில் எழுதிவைத்தாலும் தெரிந்துவிடும். அப்போது அந்த இருவரும் எழுதும் கடிதத்துக்கு நிறுவனத்திடம் பதில் இருக்காது. ஆகவே நிரந்தரச் சம்பளத்தில் இப்போதைக்குக் கூரை 9.5 லட்சம்.

ஆனால் இதே பட்டியல் இன்னொன்றையும் காட்டுகிறது. அதே வேலைக்கு உள்ளே 9.5 வரை கொடுத்துக்கொண்டிருக்கும்போது இவருக்கு ஏன் 9 என்று தொடங்கினார்கள்? ‘பழைய சம்பளத்தில் இருபது சதவீதம் கூட்டு’ என்ற வாய்பாடுதான் காரணம். முன்பு எங்கோ குறைவாக வாங்கியவர் எங்கே போனாலும் குறைவாகவே வாங்க வேண்டும் என்பதுதான் அந்த வாய்பாட்டின் விளைவு. பிரசவத்துக்கோ பிள்ளை வளர்ப்புக்கோ இடைவெளி எடுத்துத் திரும்பிய பெண்களை இது மிகக் கடுமையாக அடிக்கிறது. ஒரே வேலைக்குப் பால் பார்த்துச் சம்பளத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் 1976 முதல் சொல்கிறது. வாய்பாடு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. சம்பளத்தை வேலைக்கு வைக்க வேண்டும், வருபவரின் பழைய ஸ்லிப்புக்கு அல்ல. 9.5 என்பது இங்கே சலுகை இல்லை, முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய எண்.

9.5 லட்சத்தை அதே பழைய அமைப்பில் பிரித்தால் கைக்கு வருவது 59,846. இப்போது வாங்குவதைவிட 950 ரூபாய் கூட, அவ்வளவுதான். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. இங்கேதான் தொகையைக் கூட்டாமல் உள்ளே இருப்பதை மாற்றும் வழி வருகிறது. பி.எஃப்.பை அவர் இப்போது கட்டும் அதே மாதம் 1,800 என்ற அளவில் வைத்துக்கொள்ள விருப்பம் கொடுத்தால், நிறுவனத்தின் பங்கில் மிச்சமாவது அலவன்ஸாக மாறும். அவருடைய பங்கும் குறையும். கைக்கு மாதம் 65,746 வரும். அவர் கேட்ட 10.5 லட்சத்தைப் பழைய அமைப்பிலேயே கொடுத்திருந்தாலும் 66,146தான் வந்திருக்கும். இரண்டுக்கும் மாதம் 400 ரூபாய் வித்தியாசம், நிறுவனத்துக்கோ வருடம் ஒரு லட்சம் மிச்சம்.

இந்த இடத்தில் நேர்மை மிக முக்கியம். பி.எஃப்.பைக் குறைத்து வரும் அந்த 5,900 புதுப் பணம் அல்ல. அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து இன்றைய கைக்கு நகரும் பணம். முழுப் பி.எஃப்.பில் இருபக்கமும் சேர்ந்து மாதம் 9,500 சேமிப்பில் விழும், குறைத்தால் 3,600 மட்டும். இதை மறைத்து ‘உங்கள் சம்பளத்தை உயர்த்திவிட்டோம்’ என்று எழுதுவது ஏமாற்று. இரண்டு கணக்கையும் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். இந்த விருப்பத்தை ஒருவருக்கு மட்டும் ரகசியமாகக் கொடுக்காமல், புதிதாகச் சேரும் எல்லாருக்கும் பொதுவிதியாக வைக்க வேண்டும். 

தீபாவளிப் பணத்துக்கு வழி, ஒரே ஒருமுறை தரும் ஜாய்னிங் போனஸ். 50,000 ரூபாய், அவர் இழக்கும் அதே தொகை. அது சம்பளத்தில் சேராததால் பக்கத்து மேசைக்காரர்களோடு உள்ள சமநிலையைக் கெடுக்காது. பன்னிரண்டு மாதத்துக்குள் விலகினால் மிச்ச மாதங்களுக்கான பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமானது, நியாயமானதும்கூட. ஆனால் அடுத்த ஆண்டு இந்தத் தொகை வராது என்பதை எழுதாவிட்டால், அடுத்த ஆண்டு அவர் கைக்கு வந்தது குறைந்துவிட்டதாகக் குறைபட்டுக்கொள்வார்.

இவ்வளவுக்கும் நிதிப் பிரிவின் ஒப்புதலை வாங்கிய பிறகுதான் பதில் எழுத வேண்டும். இத்தகைய கடிதங்கள் நம் ஊரில் ஆங்கிலத்தில்தான் போகின்றன. உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். 10.5 லட்சம் கேட்ட உங்கள் மடலையும், தொலைபேசியில் நீங்கள் சொன்ன இரண்டு காரணங்களையும் பார்த்தோம். இதே பணியில், இதே அனுபவத்தில் இருப்பவர்களின் சம்பளத்தோடு ஒப்பிடும்போது 10.5 லட்சம் தர இயலாது. எங்களால் தர முடிவது: ஆண்டுக்கு 9.5 லட்சம். பி.எஃப். மாதம் 1,800 என்று தேர்ந்தெடுத்தால் கைக்கு ஏறக்குறைய 65,700. முழு அடிப்படைக்கும் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய 59,800, சேமிப்பு அதற்கேற்பக் கூடும். இரண்டின் விவரமும் இணைப்பில். வேரியபிள் பே 95,000 இந்தக் கைச்சம்பளத்தில் சேராது. அது ஆண்டு முடிவில் மதிப்பீட்டைப் பொறுத்தது, உறுதியான தொகை அல்ல. இவை தவிர ஒருமுறை மட்டும் 50,000 ஜாய்னிங் போனஸ், முதல் சம்பளத்தோடு. இந்தக் கடிதம் எங்கள் முந்தைய ஆஃபருக்குப் பதிலானது. வரும் புதன்கிழமை மாலை வரை செல்லும். இதுவே எங்களால் இயன்ற முழு அளவு என்பதால், தொகையில் இன்னொரு மாற்றத்துக்கு வழியில்லை. வேறு சந்தேகம் எதுவானாலும் அழைத்துக் கேளுங்கள்.”

இதில் இல்லாத ஒரு வரியையும் கவனியுங்கள்: ‘ஆறு மாதம் கழித்துப் பார்த்துச் செய்கிறோம்’. பேரம் முட்டி நிற்கும் இடத்தில் மேலாளர்கள் வாயிலிருந்து தவறாமல் வரும் வாக்கு இது. எந்த மாதம், யார் முடிவெடுப்பார், எதை வைத்து என்று எழுத முடிந்தால் எழுதலாம். முடியாவிட்டால் சொல்லவே கூடாது. சேர்ந்தவர் அந்தத் தேதியை மறக்க மாட்டார், சொன்ன மேலாளர் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்.

அவர் ‘சரி’ என்றதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் பெரிய சிக்கல் பிறக்கிறது. மின்னஞ்சலில் 9.5 ஒப்புக்கொண்டிருப்பார்கள். பேரோல் பிரிவின் கோப்பில் இருப்பதோ 9 லட்சம் என்ற முதல் ஆஃபர் லெட்டர். முதல் மாதச் சம்பளம் அதன்படி விழும், பி.எஃப். முழு அடிப்படைக்கும் பிடிபடும், போனஸ் வராது. சேர்ந்த முப்பதாவது நாளே நம்பிக்கை போய்விடும். ஆகவே பழையது ரத்து என்ற வரியோடு, திருத்திய ஆஃபர் லெட்டரைப் புதிய தேதியிட்டு, சம்பளப் பிரிப்புத் தாளை இணைத்து முறையாக வெளியிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். பேரோலுக்கு அந்த ஒரு பிரதி மட்டும் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் ரெக்ரூட்டர் சொன்ன வாக்கு எதுவும் மிச்சமிருந்தால் அதுவும் அந்தக் கடிதத்துக்குள் வந்திருக்க வேண்டும், இல்லையேல் ‘அது பொருந்தாது’ என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை மாலை அவர் ‘முடியாது, 10.5தான்’ என்று எழுதினால் மரியாதையோடு நன்றி சொல்லி முடித்துக்கொண்டு, அடுத்த ஆளை அழைக்க வேண்டும். ‘இதுவே கடைசி’ என்று எழுதிய பின் 9.8க்கு இறங்கி வந்தால், அடுத்து வரும் எவரும் அந்த நிறுவனத்தின் முதல் எண்ணை நம்ப மாட்டார். ஆனால் இதே வேலைக்கு இரண்டாவது ஆளும் 10.5 கேட்டு, மூன்றாவது ஆளும் அதையே கேட்டு விலகினால், கோளாறு கேட்பவர்களிடம் இல்லை. 9.5 என்ற கூரை பழசாகிவிட்டது. அப்போது எச்.ஆர். மேலிடத்துக்கு எழுத வேண்டிய கடிதம் புதியவருக்காக மட்டும் இருக்கக் கூடாது. உள்ளே 9.3க்கும் 9.5க்கும் வேலை பார்க்கும் அந்த இருவரையும் 10.5க்குக் கொண்டுவர ஆண்டுக்கு 2.2 லட்சம் கூடுதலாக ஆகும் என்று கணக்கோடு எழுத வேண்டும். அவர்களில் ஒருவர் வெளியேறி, அந்த இடத்துக்கு ஆள் பிடித்து, மூன்று மாத நோட்டீஸ் முடிந்து அவர் வந்து சேரும் வரை காலியாக இருக்கும் இருக்கைக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி அனுப்ப வேண்டும்.